மறுகொள்முதல் குறி காட்டும் இருப்புப் பட்டியல்

மறுகொள்முதல் குறி காட்டும் இருப்புப் பட்டியல் என்பது ஒரு கடையிலோ கிடங்கிலோ உள்ள பொருட்களின் கையிருப்பையும், எந்த அளவுக்குக் குறைந்தால் மீண்டும் வாங்க வேண்டும் என்னும் எல்லையையும் அருகருகே வைத்து, வாங்க வேண்டியவற்றைத் தானாகவே சுட்டிக்காட்டும் அட்டவணை ஆகும். அந்த எல்லை மறுகொள்முதல் மட்டம் எனப்படுகிறது. மீள்கட்டளை மட்டம், மறு ஆணை நிலை என்றும் இதைச் சொல்வதுண்டு. இவ்வட்டவணை பெரும்பாலும் எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருட்களில் அமைக்கப்படுகிறது.

கணினி வருவதற்கு முன்பும் இம்முறை இருந்தது. ஒரே பொருளை இரண்டு பெட்டிகளில் வைத்து, முதல் பெட்டி காலியானதும் புதிய சரக்குக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை இரண்டாம் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். இரண்டாம் பெட்டியில் இருக்கும் அளவுதான் மறுகொள்முதல் மட்டம். விரிதாள் செய்வதும் இதே வேலையைத்தான்.

மறுகொள்முதல் மட்டத்தைக் கணக்கிடுதல்

இந்த எண்ணைக் குத்துமதிப்பாக எழுதிவிடுவது பரவலான வழக்கம். ஆனால் அட்டவணையின் பயன் முழுவதும் இந்த எண்ணையே சார்ந்துள்ளது. எடுத்துக்காட்டாக, ஓர் எழுதுபொருள் கடையில் ஏ4 தாள் கட்டுகள் சராசரியாக நாளொன்றுக்கு 6 விற்கின்றன என்றும், சரக்குக்குச் சொன்ன நாளிலிருந்து வந்து சேரச் சராசரியாக 5 நாள் ஆகிறது என்றும் கொள்வோம். அந்த 5 நாளில் 6 × 5 = 30 கட்டுகள் விற்றுவிடும்.

ஆகவே 30 கட்டுகள் இருக்கும்போது சொன்னால் போதும் என்று தோன்றும். ஆனால் சில நாட்களில் 8 கட்டுகள் விற்கலாம்; சில தடவை சரக்கு வர 7 நாள் ஆகலாம். இரண்டும் சேர்ந்து நேர்ந்தால் 8 × 7 = 56 கட்டுகள் தேவை. எனவே மறுகொள்முதல் மட்டம் 56 என வைக்கப்படுகிறது. இதற்கும் சராசரித் தேவையான 30-க்கும் உள்ள வேறுபாடு 26. இதுவே காப்பு இருப்பு. எல்லாம் வழக்கம்போல நடந்தால், புதிய சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் அலமாரியில் ஏறக்குறைய 26 கட்டுகள் மீதம் இருக்கும். இந்த எண் பின்னர் வேறொரு வேலைக்கும் பயன்படும்.

எளிய குறியும் அதன் குறைகளும்

A நெடுவரிசையில் பொருட்குறியீடு, B-யில் பெயர், C-யில் கையிருப்பு, D-யில் சொல்லி இன்னும் வராத சரக்கு, E-யில் மறுகொள்முதல் மட்டம், F-இல் காப்பு இருப்பு, G-யில் நிலை என அட்டவணையை அமைக்கலாம். பலரும் G2 கட்டத்தில் முதலில் எழுதும் சூத்திரம் இது:

```
=IF(C2<=E2,"வாங்கு","")
```

கையிருப்பு எல்லைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் ‘வாங்கு’ என்று காட்டும். `<=` என்பதற்குப் பதிலாக `<` என்று எழுதினால் இருப்பு சரியாக 56-இல் நிற்கும்போது குறி வராது.

இந்தச் சூத்திரம் வெளியே தெரியாமல் பொய்த்துப்போகும் இடங்கள் உண்டு. கையிருப்புக் கட்டத்தில் 12 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்திருந்தால், விரிதாள் ஒப்பிடும்போது எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கொள்ளும். அதனால் அந்தப் பொருளுக்குக் குறி வரவே வராது. ‘12 கட்டு’ என்று அலகையும் சேர்த்து எழுதுவதே இதற்கு வழக்கமான காரணம். தனியாகச் சீரமைக்கப்படாத கட்டத்தில் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். கண்ணால் கண்டுபிடிக்க இதுவே எளிய அடையாளம். மறுகொள்முதல் மட்டத்தை எழுதாமல் விட்டாலும் இதே நிலைதான். வெற்றுக் கட்டம் 0 எனக் கொள்ளப்படுவதால், அலமாரியில் ஒரே ஒரு கட்டு இருந்தாலும் சூத்திரம் பேசாமல் இருக்கும்.

கையிருப்பைக் கையால் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, வரவையும் விற்பனையையும் வேறொரு தாளில் பதிந்து கூட்டிக்கொள்வது நல்லது. Entry என்னும் தாளில் B-யில் குறியீடு, C-யில் வரவு, D-யில் விற்பனை இருந்தால் C2 கட்டத்தின் சூத்திரம் எக்செல்லில் இவ்வாறு அமையும்:

```
=SUMIF(Entry!B:B,A2,Entry!C:C)-SUMIF(Entry!B:B,A2,Entry!D:D)
```

இங்கே பெயரை நம்பாமல் குறியீட்டை நம்புவதற்குக் காரணம் உண்டு. ‘நீலப் பேனா’ என்பதன் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் அந்தப் பதிவு கணக்கில் சேராது. கையிருப்பு எதிர்மறை எண்ணாகத் தெரிந்தால், ஏதோ ஒரு வரவு பதியப்படவில்லை அல்லது குறியீடு தவறு என்று பொருள்.

வரவேண்டிய சரக்கு

ஏ4 கட்டு 52 ஆகக் குறைந்து குறி வந்ததும் கடைக்காரர் 100 கட்டுக்குச் சொல்கிறார். சரக்கு வரும்வரை குறி அப்படியே நிற்கும். மறுநாள் கடையில் இருக்கும் வேறொருவர் அதைப் பார்த்து இன்னொரு 100-க்குச் சொல்லிவிடலாம். இதைத் தடுக்கவே D நெடுவரிசை. ஒப்பீட்டில் C2 என்பதற்குப் பதிலாக C2+D2 என எழுதினால், 52 + 100 = 152 ஆகிக் குறி மறைந்துவிடும்.

ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து இதன் பின்னால் இருக்கிறது. சரக்கு வந்து வரவிலும் பதிந்தாயிற்று. D-யில் உள்ள 100-ஐ அழிக்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி ஏ4 கட்டு ஒன்றுகூட இல்லாமல் தீர்ந்துபோனாலும் கூட்டுத்தொகை 0 + 100 = 100. அது 56-ஐவிட அதிகம். வாடிக்கையாளர் வந்து கேட்கும்வரை அட்டவணை எந்த எச்சரிக்கையும் தராது.

முன்பு கணக்கிட்ட காப்பு இருப்பு இங்கே கைகொடுக்கிறது. வரவேண்டியது எவ்வளவு என்று எழுதியிருந்தாலும், அலமாரியில் உண்மையில் இருப்பது 26-க்குக் கீழே போனால் ஏதோ ஒன்று வழக்கம்போல நடக்கவில்லை. விற்பனை கூடியிருக்கலாம், சரக்கு தாமதமாகியிருக்கலாம், அல்லது D பொய்யாக இருக்கலாம். ஆகவே சூத்திரத்தை இவ்வாறு மாற்றலாம்:

```
=IF(COUNT(C2,E2,F2)<3,"சரிபார்",
 IF(C2<F2,"அவசரம்",
 IF(C2+D2<=E2,"வாங்கு","")))
```

COUNT எண்களை மட்டுமே எண்ணும். மூன்று கட்டங்களில் ஒன்று வெறுமையாகவோ எழுத்தாகவோ இருந்தால் ‘சரிபார்’ என வரும். மாதிரி அட்டவணை:

| குறியீடு | பொருள் | கையிருப்பு | வரவேண்டியது | மறுகொள்முதல் மட்டம் | காப்பு இருப்பு | நிலை |
|---|---|---|---|---|---|---|
| P01 | ஏ4 தாள் கட்டு | 52 | 0 | 56 | 26 | வாங்கு |
| P02 | நீலப் பேனா | 140 | 0 | 90 | 30 | |
| P03 | 200 பக்க நோட்டு | 18 | 120 | 60 | 25 | அவசரம் |

மூன்றாம் வரிசையில் 18 + 120 = 138 என்பது 60-ஐவிட அதிகம். பழைய சூத்திரமாக இருந்தால் அது வெறுமையாகவே நின்றிருக்கும். இப்போது கடைக்காரர் மொத்த வியாபாரிக்குத் தொலைபேசியில் பேசுவார். 120 நோட்டு இன்னும் வரவில்லையா, வந்தும் அழிக்கப்படவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

Conditional Formatting வசதியைக் கொண்டு ‘அவசரம்’ உள்ள வரிசையைச் சிவப்பாக்கலாம். நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லை விட்டுவிடுவது நல்லதல்ல. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நிறம் தெளிவாகத் தெரியாது.

வரம்புகள்

குறி ‘எப்போது’ என்பதை மட்டுமே சொல்கிறது. ‘எவ்வளவு’ என்பது தனிக் கணக்கு. மேலும் 56 என்னும் எண் சாதாரண மாதத்தின் விற்பனையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டு விற்பனை பல மடங்காகும்போது, பழைய மட்டத்தில் குறி வந்தால் அது காலம் கடந்த குறி. அதனால் மே மாதத்திலேயே, முந்தைய ஆண்டு ஜூன் விற்பனையைப் பார்த்து E, F நெடுவரிசைகளைத் திருத்தி, ஜூலையில் மீண்டும் குறைக்க வேண்டியிருக்கும். உடைந்தவை, நனைந்தவை, காணாமற்போனவை எதையும் விரிதாள் அறியாது; மாதம் ஒருமுறையாவது அலமாரியை எண்ணி, வேறுபாட்டை Entry தாளில் ஒரு தனிப் பதிவாக எழுத வேண்டும்.