சுறா மாதிரி இருக்கு... ஆனா சுறா இல்லை! ஒரு மீன் படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

காசிமேட்டுக்கு அதிகாலையில் மீன் வாங்கப் போன நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் ஒன்றை அனுப்பினார். ஏலம் போடும் தரையில் பழுப்பு நிறத்தில் இரண்டு பெரிய மீன்கள். கீழே, 'எவ்ளோ பெரிய சுறா பார்த்தியா!' என்று ஒரு வரி.

முதுகில் நிமிர்ந்து நிற்கும் துடுப்புகளைப் பார்த்தால் யாருக்கும் சுறா என்றுதான் தோன்றும். ஆனால், அந்த இரண்டுமே சுறா இல்லை. திருக்கையின் உறவுக்காரர்கள்!

எப்படித் தெரியும்? முதலில் செவுளைப் பாருங்கள். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் தலையின் பக்கவாட்டில், வரிவரியாகக் கண்ணுக்குத் தெரியும். திருக்கை இனத்துக்கு அவை வயிற்றுப் பக்கம் இருக்கும். படத்தில் இருந்த மீன்களின் பக்கவாட்டில் ஒரு கோடுகூட இல்லை.

நம் கடற்கரையில் இவற்றைப் பொதுவாக உழுவை என்கிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெயர் ஒன்று, அதற்குள் அடங்கும் குடும்பங்கள் வேறு வேறு.

படத்தின் இடது பக்கம் கிடந்த மீனைப் பார்ப்போம். வாலின் கீழ்ப் பகுதி சுறாவின் வால்போலத் தனியாகப் பிரிந்து நீண்டிருக்கிறது. முதல் முதுகுத் துடுப்பு, இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலே எழும்புகிறது. ஆப்புபோலக் கூர்ந்த தலைக்கும் மார்புத் துடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஆப்பு உழுவை. ஆங்கிலத்தில் 'வெட்ஜ்ஃபிஷ்' என்பார்கள்.

வலது பக்க மீனில் மூக்கும் மார்புத் துடுப்பும் ஒரே தகடாக இணைந்திருக்கின்றன. முதுகுத் துடுப்பு வாலை நோக்கி வெகுவாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. வாலில் கீழ்ப் பிரிவு தெளிவாக இல்லை. இது கிட்டார் மீன்.

ஆப்பு உழுவையிலும் எந்த இனம்? தோள்பட்டைக்கு அருகே ஒரு கரும்புள்ளியும், அதை ஒட்டி மூன்று வெள்ளைப் புள்ளிகள் ஒரே வரிசையிலும் இருந்தால், ரிங்கோபேட்டஸ் ஆஸ்திரேலியே என்ற இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், மீன் வளர வளரப் புள்ளிகள் மங்கும். செத்து வெயிலில் கிடந்தால் இன்னும் மங்கும். நண்பரின் படத்தில் புள்ளியே தெரியவில்லை. எனவே 'ஆப்பு உழுவை' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

சரி, இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

சட்டம் பேசுவது இனத்தின் பெயரில்தான். 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓர் ஆப்பு உழுவை சேர்க்கப்பட்டது. அதன் பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். செங்கடல் கரையில் உள்ள ஜெட்டாவை நினைவூட்டும் பெயர். பிற்பாடு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அந்த இனம் இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கோடியைச் சேர்ந்தது என்றும், நம் வலைகளில் விழுபவை ஆஸ்திரேலியே, லேவிஸ் போன்ற வேறு இனங்கள் என்றும் தெளிவானது. அதாவது, பட்டியலில் இருந்த பெயர் ஒன்று. ஏலத்துக்கு வந்த மீன் வேறொன்று!

2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, மேலும் பல சுறா, திருக்கை இனங்கள் அட்டவணைகளில் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதல் அட்டவணை இனத்தைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பட்டியலில் இல்லாத மீனைக் கொண்டுவந்தவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஒரே வலையில் இரண்டும் சேர்ந்து விழும்போது, பெயர் தவறினால் ஒரு மீனவரின் வாழ்க்கையே மாறிவிடும்.

உலக அளவிலும் இதே தலைவலிதான். காய்ந்த துடுப்பை மட்டும் பார்த்து இனம் பிரிப்பது கடினம். அதனால்தான் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச வணிக ஒப்பந்தம், 2019-ல் ஆப்பு உழுவைக் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு வெளியான சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டில், இந்தக் குடும்பத்தின் 10 இனங்களில் 9 அழிவின் விளிம்பில் இருந்தன.

அடுத்த முறை துறைமுகத்தில் இப்படி ஒரு மீனைப் பார்த்தால், முழு உடலும் தெரிய மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, வாலை மட்டும் ஒன்று, முடிந்தால் வயிற்றுப் பக்கம் ஒன்று எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு செருப்பு இருந்தாலும் போதும். எந்தத் துறைமுகம், என்ன தேதி என்பதையும் குறித்து வையுங்கள். ஆனால், மங்கலான ஒரே படத்தை வைத்து, 'தடை செய்யப்பட்ட மீன்' என்று யாருடைய முகத்தோடும் பகிர்ந்துவிடாதீர்கள்.

நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: "சுறா இல்லடா. ஒண்ணு ஆப்பு உழுவை, ஒண்ணு கிட்டார் மீன்."

உடனே பதில் வந்தது: "அப்ப சுறாப்புட்டுக்கு ஆகாதா?"