மாலை ஐந்தரைக்குப் பிறக்கும் நாள்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் ஒருவர் அல்கோல் என்ற விண்மீனைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெர்சியஸ் கூட்டத்தில் இருக்கும் அது, ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றும் ஜோடி. அந்த ஜோடியில் மங்கலான விண்மீன் பிரகாசமானதன் குறுக்கே வரும்போதெல்லாம் நமக்கு வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சுமார் பத்து மணி நேரத்தில் இறங்கி ஏறி முடிந்துவிடும். வெறும் கண்ணுக்கே தெரிகிற கிரகணம் இது. நம் காவலூர்க்காரர் அது மிகவும் மங்கிய கணத்தைக் கருவியால் அளந்து எழுதிக்கொள்கிறார்: 2024 நவம்பர் 10, இரவு 11.42.

அடுத்த கிரகணத்தின்போது அமெரிக்காவின் அரிசோனாவில் பகல். அதற்கடுத்தது அங்கே விடியலுக்கு முன் நடக்கிறது. அங்கிருப்பவர் எழுதுகிறார்: நவம்பர் 16, அதிகாலை 4.50.

இரண்டு கிரகணங்களுக்கு நடுவே எவ்வளவு காலம்? குறிப்புகளை அப்படியே கழித்தால் 5 நாள் 5 மணி 8 நிமிடம் வருகிறது. இடையில் இரண்டு சுற்று முடிந்திருப்பதால் பாதியாக்கினால் ஒரு சுற்றுக்கு 2 நாள் 14 மணி 34 நிமிடம். அல்கோலின் உண்மையான சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். ஆறு மணிக்கு மேல் உதைக்கிறது. குற்றம் விண்மீனிடம் இல்லை. காவலூர்க் கடிகாரத்துக்கும் அரிசோனாக் கடிகாரத்துக்கும் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி இருக்கிறது. நாம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வானியலாளர்கள் இந்தத் தொல்லைக்கு வைத்திருக்கும் மருந்து ஜூலியன் நாள் எண். மாதம், ஆண்டு, நேர மண்டலம் எதுவும் அதில் கிடையாது. ஒரு தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை நாள் ஓடியது என்ற ஒரே ஒரு எண்தான். மணியும் நிமிடமும் அதன் தசமப் பகுதியாகிவிடும். 0.1 என்றால் இரண்டு மணி 24 நிமிடம், 0.001 என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்.

காவலூரின் இரவு 11.42-ல் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் கிரீன்விச்சில் மாலை 6.12. அதன் நாள் எண் 2460625.25833. அரிசோனாவின் அதிகாலை 4.50-உடன் ஏழு மணி நேரத்தைக் கூட்டினால் கிரீன்விச்சில் முற்பகல் 11.50. அதன் எண் 2460630.99306. இனி வெறும் கழித்தல் போதும். வித்தியாசம் 5.73473, பாதி 2.86736. அதை மணி நிமிடமாக்கினால் 2 நாள் 20 மணி 49 நிமிடம் சரியாக விழுகிறது.

இவ்வளவு பெரிய எண் ஏன்? தொடக்கத்தை வெகு தொலைவில் வைத்ததால்தான். 1583-ல் ஜோசஃப் ஸ்காலிஜர் என்ற அறிஞர், பழைய வரலாறுகளில் சிதறிக் கிடந்த பல நாட்டு ஆண்டுக் கணக்குகளை ஒரே கோட்டில் வைக்க முயன்றார். அன்றைய ஐரோப்பாவில் மூன்று சுழற்சிகள் புழக்கத்தில் இருந்தன. வாரக்கிழமைகள் அதே தேதிகளுக்குத் திரும்பும் 28 ஆண்டு, நிலவின் பிறைகள் அதே தேதிகளுக்குத் திரும்பும் 19 ஆண்டு, ரோமானிய வரிக் கணக்கின் 15 ஆண்டு. மூன்றையும் பெருக்கினால் 7980. மூன்று சுழற்சிகளும் ஒன்றாக முதல் ஆண்டில் நின்றது கி.மு. 4713 என்று அவர் கண்டார். அது ஆண்டுகளுக்கான கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், முக்கியமாக ஜான் ஹெர்ஷல் 1849-ல் எழுதிய வானியல் நூலுக்குப் பிறகு, அந்தத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணும் பழக்கம் வானியலாளர்களிடம் பரவியது.

நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18 விடியலிலிருந்து கடந்த நாட்களை எண்ணுவதே கலி அகர்கணம். வாக்கியப் பஞ்சாங்க முறையில் இந்த நாள் எண்ணிலிருந்து முதலில் 1600984-ஐக் கழிப்பார்கள். மிச்சத்தில் 12372, 3031, 248 என்ற எண்கள் எத்தனை முறை அடங்கும் என்று பார்த்துக் கழித்துக்கொண்டே போவார்கள். கடைசி 248 நாளில் சந்திரன் தன் வேகம் கூடிக் குறையும் சுழற்சியை ஒன்பது முறை முடித்துவிடும். மிஞ்சும் எண் அந்த 248-ல் எத்தனையாவது நாள் என்று காட்டும். அந்த நாளுக்குரிய வாக்கியம் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும். சோழி பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு கிரகணம் கணித்த புதுச்சேரிக்காரர் ஒருவரின் முறையை ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்திருக்கிறார். நம் காவலூர் ஞாயிற்றுக்கிழமைக்குக் கலி நாள் 1872159. இதை ஏழால் வகுத்தால் மீதி 2. கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை. அதிலிருந்து இரண்டு நாள் தள்ளினால் ஞாயிறு. நாள் எண் சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

கலி நாள் விடியலில் பிறக்கிறது. ஜூலியன் நாளோ கிரீன்விச்சின் நண்பகலில் பிறக்கிறது. நள்ளிரவில் நாளை மாற்றினால், ஒரே இரவில் பார்த்தவை இரண்டு தேதிகளில் பிரிந்து கிடக்கும். நண்பகலில் மாற்றினால் இரவு முழுதும் ஒரே எண்ணுக்குள் அடங்கும். ஆனால் இந்த வசதி ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்தது. கிரீன்விச் நண்பகல் இந்தியாவில் மாலை ஐந்தரை. காவலூரில் பொழுது சாயும் வேளையில் எண் மாறி, மறுநாள் மாலை ஐந்தரை வரை அப்படியே நிற்கும். ஐரோப்பியர் தமக்காகச் செய்த ஏற்பாடு நமக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அரிசோனாவில் அதே மாற்றம் அதிகாலை ஐந்து மணிக்கு நேர்கிறது. நம் கதையில் அங்கே கிரகணத்தைப் பார்த்தது 4.50-க்கு, எண்ணின் பின்னம்.993. பத்து நிமிடம் கழித்துப் பார்த்திருந்தால் எண் 2460631 ஆகியிருக்கும். ஹவாயில் நடு இரவில், இரண்டு மணிக்கே மாறிவிடும். அதனால் முழு எண்ணை மட்டும் குறித்து வைப்பது ஆபத்து. தசமப் பகுதியும் சேர்ந்தால்தான் அது ஒரு நேரம்.

இந்த நண்பகல் தொடக்கம் இன்னொரு சிக்கலுக்கும் வழிவிட்டது. ஏழு இலக்க எண்ணைச் சுருக்கவும் நாளை நள்ளிரவில் தொடங்கவும் ‘திருத்திய ஜூலியன் நாள்’ என்று ஒன்று வந்தது. 1957-ல் ஸ்புட்னிக்கின் பாதையைக் கணினியில் தொடர்ந்த ஸ்மித்சோனியன் வானியலாளர்கள் கொண்டுவந்தது அது.

```
MJD = JD - 2400000.5
```

இதன் வாலில் இருக்கும் அந்த அரையைத்தான் பலர் மறக்கிறார்கள். 2400000-ஐ மட்டும் கழித்தவரின் எண்ணும் இதே போல ஐந்து இலக்கத்தில்தான் இருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் கலந்தால் கிரகணங்கள் துல்லியமாகப் பன்னிரண்டு மணி நேரம் விலகி நிற்கும். விலகல் இப்படிச் சரியாக அரை நாளாக இருந்தால் விண்மீனைச் சந்தேகிக்க வேண்டாம். சூத்திரத்தைப் பார்த்தால் போதும்.

நேர மண்டலம் ஒழிந்தது. ஆனால் பூமி நின்ற இடத்தில் நிற்பதில்லையே! நவம்பர் நடுவில் பூமி, சூரியனுக்கு அல்கோல் இருக்கும் பக்கமாக வந்து நிற்கிறது. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர சுமார் எட்டேகால் நிமிடம் ஆகும். அல்கோல் பூமியின் பாதைத் தளத்திலிருந்து கொஞ்சம் விலகியிருப்பதால், அதன் ஒளி சூரியனைச் சேர்வதற்குச் சுமார் ஏழரை நிமிடம் முன்னதாக நம்மை எட்டிவிடுகிறது. பிப்ரவரி நடுவில் பூமி பக்கவாட்டுக்குப் போய்விடும். அப்போது இந்த முந்தல் இல்லை. இரண்டு மாதங்களுக்கும் இடையே அல்கோல் 33 சுற்று சுற்றியிருக்கும். அந்த ஏழரை நிமிடத்தை 33 சுற்றுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 14 நொடி நீண்டதுபோலத் தோன்றும். விண்மீனில் எதுவும் மாறியிருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பார்த்த நேரத்திலிருந்து கணக்குப்படி வரவேண்டிய நேரத்தைக் கழித்து, ஆண்டு முழுதும் வரைபடமாக வரைவார்கள். புள்ளிகள் அலைபோல ஏறி இறங்கி, அலையின் நீளம் சரியாக ஓர் ஆண்டாக இருந்தால், அது பூமியின் அலை. அதை நீக்க, சூரியனில் நின்று பார்த்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று நேரத்தைத் திருத்துவார்கள். அட்டவணைகளில் `HJD` என்ற தலைப்பின் பொருள் அதுதான். காவலூர்க் குறிப்புக்கு 0.0052 கூட்டினால் அந்த எண் கிடைக்கும். மேற்சொன்ன இரு கிரகணங்களும் ஆறு நாளுக்குள் நடந்ததால் திருத்தம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் முதல் கணக்கு இது இல்லாமலேயே தப்பித்தது.

சூரியனும் முழுக்க அசையாமல் இல்லை. வியாழனும் மற்றக் கோள்களும் இழுப்பதால் சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்தைச் சுற்றி அது தள்ளாடுகிறது. சூரியனுக்குப் பதில் அந்த மையத்துக்குத் திருத்தினால் நான்கு நொடி வரை மாறும். அந்த எண்ணின் பெயர் `BJD`.

இவ்வளவும் செய்த பிறகும் கடிகாரம் மிஞ்சுகிறது. நாம் புழங்கும் உலகப் பொது நேரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது ஒரு லீப் நொடி நுழைக்கப்பட்டிருக்கிறது. விண்மீன்களின் கணக்குக்கு அப்படி இடறாத சீரான நேரம் தேவை. அதற்கு `TDB` என்று பெயர். நம் 2024 நவம்பரில் அது பொது நேரத்தைவிட 69 நொடிக்குச் சற்றே கூடுதலாக முன்னால் இருந்தது.

அந்தச் சிறு இடைவெளி கெப்ளர் விண்தொலைநோக்கியையே தடுமாற வைத்தது. விண்மீன்களின் குறுக்கே கோள்கள் கடக்கும் நேரத்தை அளப்பதுதான் அதன் வேலை. முதல் சில ஆண்டுகளின் கோப்புகளில் நேரம் சீர் நேரத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. இருந்ததோ பொது நேரம். எல்லாம் ஒரே அளவில், 66 நொடி விலகியிருந்தால், ஒரு கோளின் கடப்புக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலம் மாறாது. கெப்ளருக்குள்ளேயே எதையும் ஒப்பிட்டால் பிழை வெளியே வராது. 2012 ஜூன் 30-ல் ஒரு லீப் நொடி சேர்ந்ததும் விலகல் 67 ஆயிற்று. பின்னர் கோப்புகள் திருத்தப்பட்டன. ஆனால் பழைய கோப்பை வைத்துக்கொண்டு, தரையில் வேறொரு தொலைநோக்கியில் பார்த்த கடப்போடு ஒப்பிடுபவருக்கு, அந்தக் கோள் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதமாக வருவதுபோலத் தோன்றும். இன்னொரு கோள் மறைந்திருந்து இழுக்கிறது என்று அவர் நினைக்கக்கூடும்.

எனவே 2460625.26 என்று யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால் வானியலாளர் முதலில் கேட்பது, எங்கே நின்று பார்த்த நேரம், எந்தக் கடிகாரத்தில் என்பதைத்தான். `BJD_TDB` என்று நெடுகப் பெயர் எழுதுவது அந்தக் கேள்விகளுக்கான பதில். நேர மண்டலத்தை நாள் எண் துடைத்துவிட்டது; பூமி நின்ற இடத்தையும் கடிகாரத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள்தான் சொல்ல வேண்டும்.