இடது கை ஏன் சும்மா இருக்கிறது?

அக்டோபர் மாதத்து ஒரு காலை. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறார். அவனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. அதே ஜனவரியில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இவன் இன்னும் தானாக உட்காரவில்லை. அம்மாவுக்கு அதுதான் கவலை. ஆனால் கிலுகிலுப்பையை நீட்டினால் வலது கை சட்டென்று வருகிறது. இடது பக்கமாக நீட்டினாலும் உடம்பைத் திருப்பி வலது கையாலேயே பிடுங்குகிறான். “இப்பவே சோத்தாங்கைப் பழக்கம் வந்துடுச்சு பாரு” என்று பாட்டிக்குப் பெருமை.

குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் கவலையையும் பெருமையையும் இடம் மாற்றி வைப்பார். உட்காராதது இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. ஒரே கையைப் பயன்படுத்துவதுதான் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொன்ன எடுத்துக்காட்டு இது. இந்தக் குழந்தை 27 வாரத்தில், 980 கிராம் எடையோடு பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பிறந்த நாள் ஜனவரி 1. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதி ஏப்ரல் 2. கருப்பையில் 40 வாரம் இருந்திருக்க வேண்டியவன், 13 வாரம் முந்திக்கொண்டான். அந்த மூன்று மாதத்தைக் கழித்தால் அக்டோபர் 1-ல் அவனுடைய வயது ஆறு மாதம்தான். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயதுவரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதக் குழந்தை தானாக உட்காராமல் இருப்பது இயல்பே.

இரண்டு விஷயங்களில் மட்டும் கழித்தல் கூடாது. தடுப்பூசிகளைப் பிறந்த நாளை வைத்தே போட வேண்டும். விழித்திரைப் பரிசோதனையும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடக்கூடும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் குழந்தையைப் போல 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

திருத்திய வயது பெற்றோரின் தேவையற்ற பயத்தைப் போக்குகிறது. அதே கணக்கு இன்னொரு தவறுக்கும் வழிவிடுகிறது. “குறைமாசத்துல பொறந்தது, மெதுவாத்தான் வரும்” என்ற ஒரு வாக்கியத்தில் எல்லா அறிகுறிகளும் மூடி மறைக்கப்பட்டுவிடுகின்றன. கழித்துப் பார்த்தால் தாமதம் சரியாகிவிடலாம். ஒரு பக்கக் கையும் மறுபக்கக் கையும் வேறுவேறாக நடந்துகொள்வது எந்த வயதுக் கணக்கிலும் சரியாகாது. வலது கைப் பழக்கமோ இடது கைப் பழக்கமோ ஒரு வயதுக்கு முன் தெளிவாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் பயன்படுத்தாத கையில்தான் சிக்கல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் பிறந்த முதல் சில நாட்களில் இருக்கும். 27 வாரக் குழந்தையின் மூளைக்குள், நீர் நிறைந்த அறைகளை ஒட்டியுள்ள ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அவை கசிந்துவிடும். சிறிய கசிவுகள் பெரும்பாலும் பெரிய பாதிப்பின்றிக் கரைந்துபோகும். கசிவு பெரிதாகி வலது மூளையின் நரம்பு இழைகளைச் சேதப்படுத்தினால் அதன் விளைவு இடது கையிலும் இடது காலிலும் தெரியும். இன்குபேட்டரில் இருந்தபோது எடுத்த தலை ஸ்கேனில் இது பதிவாகியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக எழுதியும் இருக்கலாம். வீட்டில் அதை யாரும் திரும்பப் படித்திருக்க மாட்டார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தாலும் பாதிப்பே வராது என்று அதை வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனை அறையில் இந்தக் குழந்தைக்கு என்ன நடக்கும்? மருத்துவர் முதலில் தொடவே மாட்டார். பாயில் விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். பிறகு பொம்மையை நடுவில் நீட்டுவார், இடப்பக்கம் நீட்டுவார், வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மீண்டும் நீட்டுவார். இடது விரல்கள் விரிகின்றனவா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கிறதா என்று கவனிப்பார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் எவ்வளவு தூரம் தளர்ந்து விரிகின்றன என்று பார்ப்பார். இப்படி 26 அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் ஹேமர்ஸ்மித் பரிசோதனை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. தேவையானால் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

மூளை முடக்குவாதம் என்று தெரியவந்தால் சிகிச்சை விளையாட்டாகவே தொடங்கும். நன்றாக வேலை செய்யும் வலது கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் மெல்லிய துணியுறை மாட்டிவிடுவார்கள். பிடிக்க எளிதான பொம்மைகளை இடது கைக்கு நீட்டுவார்கள். மூளையில் அந்தக் கைக்கான பாதைகள் பயன்பாட்டால்தான் வலுப்பெறுகின்றன. பயன்படுத்தாத கைக்கு மூளை ஒதுக்கும் இடமும் சுருங்கும். இந்தப் பயிற்சியை ஆறு மாதத்தில் தொடங்குவதும் மூன்று வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல.

இதைவிடவும் முன்பே ஒரு வாய்ப்பு இருந்தது. திருத்திய வயது மூன்று மாதத்தையொட்டி, விழித்திருக்கும் குழந்தை மல்லாந்து கிடக்கும்போது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாக, வட்டம் போடுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கும். ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் ப்ரெக்டல் இந்த அசைவுகளை வகைப்படுத்தி, அவை இல்லாமல் போவது மூளை முடக்குவாதத்தின் வலுவான முன்னறிவிப்பு என்று காட்டினார். கருவி எதுவும் வேண்டாம். அழாமல், பசிக்காமல், கிலுகிலுப்பை இல்லாமல் கிடக்கும் குழந்தையை மேலிருந்து சில நிமிடம் போனில் வீடியோ எடுத்தால் போதும். பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்த வயதுகளை ஒட்டியே தொடர் பரிசோதனையின் நாட்கள் அமைந்திருக்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைத் திருத்திய வயதில் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் ஒருமுறை, ஒரு வயதுக்குள் ஒருமுறை, இரண்டு வயதில் ஒருமுறை நேரில் பார்க்கச் சொல்கிறது. ஒருமுறை பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சில குறைமாதக் குழந்தைகளின் கால்கள் முதல் வருடத்தில் விறைப்பாக இருந்து, பிறகு தானாகவே தளர்ந்துவிடும். வேறு சிலருக்கு விறைப்பு கூடிக்கொண்டே போகும். எது எந்த வழியில் போகிறது என்பது அடுத்தடுத்த வருகைகளில்தான் தெரியும்.

அடுத்த வருகைக்குக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் சில உண்டு. திருத்திய வயதில் எட்டு மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை. 18 மாதத்தில் நடக்கவில்லை. துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்கின்றன. நம் குழந்தைக்கு நடக்கும் கெடு, பிறந்து 21 மாதம் ஆகும்போதுதான் முடிகிறது. இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், பிறந்தபோது காது பரிசோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும். சில செவித்திறன் குறைகள் பின்னால்தான் தலைகாட்டும். நேற்றுவரை செய்ததை இன்று செய்யவில்லை என்றால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நடந்துவிட்டான், பேசிவிட்டான் என்றதும் பெரும்பாலான வீடுகளில் பழைய ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. அங்கேதான் இரண்டாவது கட்டம் தவறிப்போகிறது.

1995-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன் பிறந்து பிழைத்த குழந்தைகளை எபிக்யூர் என்ற ஆய்வு தொடர்ந்து கவனித்தது. ஆறு வயதில் அவர்களை வகுப்புத் தோழர்களோடு வைத்துப் பார்த்தபோது 41 சதவீதத்தினருக்குச் சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க குறைவு தெரிந்தது. இரண்டரை வயதில் கடுமையான பாதிப்பு இருந்தவர்களைப் பொறுத்தவரை அப்போதைய கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. மற்றவர்கள் ஆறு வயதில் எப்படி இருப்பார்கள் என்பதை அந்தக் கணிப்பு சரியாகக் காட்டவில்லை. இவர்கள் மிக மிக முன்கூட்டிப் பிறந்தவர்கள் என்பதால் இந்த எண்ணை எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் சில சிக்கல்கள் பள்ளி வயதில்தான் வெளியே வரும் என்பது பொதுவான உண்மை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களை நான்கு வயதிலும் முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று நைஸ் சொல்வதும் இதனால்தான்.

பள்ளியில் இது எப்படித் தெரியும்? சட்டைப் பித்தானைப் போட முடியாமல் திணறுவான். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது வரி தவறும். கதை நன்றாகச் சொல்பவன், கணக்கில் தடுமாறுவான். குறும்பு எதுவும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்குவான். கவனம் நிற்காததை யாரும் கண்டுபிடிப்பதில்லை. இவற்றில் ஒன்று நீடித்தாலும், “சோம்பேறி” என்று முடிவு கட்டும் முன் கண், காது, கைத்திறன், கவனம், கற்றல் ஆகியவற்றை மதிப்பிட வேண்டும். பிறந்த வாரத்தை ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். பிரசவ தேதிப்படி அடுத்த வருட வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தை, முந்திப் பிறந்ததாலேயே இந்த வருட வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பெரிய தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை அங்கே கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, தலை ஸ்கேன் ரிப்போர்ட், கண், காது பரிசோதனைச் சீட்டுகள், சந்தேகம் தந்த அசைவின் வீடியோ ஆகியவற்றோடு போனால் முதல் நாளே பாதி வேலை முடியும்.

வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தால், தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிக்குக் கீழே பிரசவ தேதியையும், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் இன்றே எழுதி வையுங்கள். குழந்தையை யார் பரிசோதித்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.