டாக்டர் மீது புகாரா? கவுன்சிலில் நடப்பது இதுதான்!

திருவண்ணாமலையில் உங்கள் அம்மாவுக்கு நடந்த சிகிச்சையில் தவறு என்று நினைக்கிறீர்களா? சண்டை போடுவதற்கு முன், மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது விதி. அவைதான் உங்கள் சாட்சி.

அந்த நகல்களோடு, நடந்ததைத் தேதிவாரியாக எழுதி சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். கவுன்சில் டாக்டரிடம் விளக்கம் கேட்கும். அவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பதில் சொல்லலாம். 6 மாதங்களுக்குள் முடிவு வர வேண்டும். குற்றம் உறுதியானால் எச்சரிக்கை, சில காலம் பதிவேட்டிலிருந்து நீக்கம், நிரந்தர நீக்கம் என எதுவும் வரலாம். பெயர் நீக்கப்பட்ட காலத்தில் அவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. தண்டிக்கப்பட்ட டாக்டர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால், கவுன்சில் நஷ்டஈடு தராது. அதற்கு நுகர்வோர் ஆணையம்தான். கொல்கத்தாவில் தவறான சிகிச்சை பெற்ற அனுராதா சாஹா 1998-ல் இறந்தார். அவருடைய கணவர் குணால் சாஹா கொடுத்த புகாரை மேற்கு வங்க கவுன்சில் ஏற்கவில்லை. அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் 2009-ல் அலட்சியத்தை உறுதி செய்தது. 2011-ல் இந்திய மருத்துவ கவுன்சில் டாக்டர்களின் பெயரை நீக்கியது, அதுவும் 3 மாதங்களுக்கு மட்டுமே! 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது.

இன்னொன்று. படிக்காமலே ஊசி போடுகிறவர் மீது கவுன்சிலால் இந்த விசாரணை நடத்த முடியாது. பதிவேட்டில் இல்லாத பெயரை எப்படி நீக்குவது? அவர் மீது போலீஸில்தான் புகார் கொடுக்க வேண்டும். எனவே, முதலில் பதிவு எண்ணைப் பாருங்கள். அது மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும்.