அடையாள அட்டையில் பெயரும் முகவரியும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றை அடுத்து அமைந்துள்ள ஊர் வெருகல். வேலாயுத சுவாமி கோயிலால் அவ்வூரை அறிந்தோர் பலர். அக்கோயிற் சூழலில் வள்ளியம்மை என்னும் பெயர் அரிதன்று. அப்பெயர் கொண்ட பெண்மணி ஒருவரின் தேசிய அடையாள அட்டையில் ‘வல்லியம்மை’ என்று பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். ஓர் எழுத்துத்தானே என்று அதனைத் தள்ளிவிட இயலாது. வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயரும், காணி அனுமதிப்பத்திரத்தில் வேறொரு பெயரும் நிற்குமாயின், இருவரும் ஒருவரே என்பதைக் காட்டும் பொறுப்பு அப்பெண்மணியின் தலைமேல் விழுகின்றது.

இத்தகைய பிழை எவ்வாறு நேர்கின்றது? சிங்கள நெடுங்கணக்கிலும் லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி எழுத்துக்கள் உண்டு. எனினும் இன்றைய சிங்களப் பேச்சில் இரண்டும் ஒரே ஒலியாகவே ஒலிக்கின்றன. ணகர னகரங்களின் நிலையும் அதுவே. பெயர் ஒரு மொழியினின்றும் மற்றொன்றுக்குச் செவிவழியே சென்று மீளும்போது ளகரம் லகரமாகிவிடுவது எளிது. தமிழிலோ வேறொரு சிக்கல் உளது. ‘பாலன்’ என்பதன் முதலெழுத்தை வல்லொலியாகக் கொள்வதா, மெல்லொலியாகக் கொள்வதா என்பதை எழுத்து உணர்த்தாது. சிங்களத்தில் எழுதுபவர் தாமே தீர்மானிக்கின்றார். 2014ஆம் ஆண்டு முதல் அட்டைகளிற் சிங்களத்தோடு தமிழும் இடம்பெறுவதால், இரு வடிவங்களையும் சரிபார்த்தல் வேண்டும்.

அட்டையை வழங்குவது 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஆட்பதிவுத் திணைக்களம். ஆயினும் பெயருக்கு மூலம் அத்திணைக்களத்திடம் இல்லை. அது பிறப்புச் சான்றிதழில் உள்ளது. ஆகவே வள்ளியம்மை முதலிற் பார்க்க வேண்டியது தம் பிறப்புச் சான்றிதழையே. அதில் ‘வள்ளியம்மை’ என்றிருப்பின் பிழை அட்டையோடு நின்றது. திருத்தமும் அட்டையோடு முடியும். அதிலும் ‘வல்லியம்மை’ என்றே இருப்பின், அட்டைக்கு விண்ணப்பிப்பதாற் பயனில்லை. திணைக்களம் சான்றிதழிலுள்ளதையே மீண்டும் எழுதும். அந்நிலையிற் பிறப்புப் பதியப்பட்ட பிரிவின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெயர் மாற்றத்துக்கான பிரகடனத்தை முதலில் ஒப்படைத்தல் வேண்டும். அவர் பிரதேச செயலகத்திலேயே கடமை புரிபவர். பாடசாலைச் சான்றிதழ் முதலிய பழைய பத்திரங்கள் அங்கே துணைநிற்கும். திருத்தம் பதியப்பட்ட புதிய பிரதி கிடைத்த பின்னரே அடையாள அட்டையின் பக்கம் திரும்பலாம். இவ்வரிசையை மாற்றிச் சென்று, இரு முறை அலைந்தோர் பலர்.

அட்டைத் திருத்தத்துக்கான விண்ணப்பம் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குகின்றது. பிறப்புச் சான்றிதழும் பழைய அட்டையும் உடன் செல்லவேண்டும். புகைப்படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த நிலையத்திலேயே எடுப்பித்தல் வேண்டும். கிராம உத்தியோகத்தர் சான்றுரைத்தபின் பிரதேச செயலகம் அதனை உறுதிப்படுத்தி அனுப்புகின்றது. அவசரமாயின், உறுதிப்படுத்திய விண்ணப்பத்துடன் பத்தரமுல்லையிலுள்ள தலைமைக் காரியாலயத்துக்குச் சென்று ஒருநாட் சேவையைப் பெறலாம். வெருகலிலிருந்து அது நெடும்பயணம். ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

முகவரித் திருத்தம் வேறு வகையினது. அதற்கு மூலம் பிறப்புச் சான்றிதழன்று. ஒருவர் வதியும் பிரிவின் கிராம உத்தியோகத்தர் அளிக்கும் சான்றே. வெருகற் பகுதி மக்கள் 2006ஆம் ஆண்டில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, ஆற்றைக் கடந்து மட்டக்களப்பு மாவட்டத்துக்குச் சென்றனர்; 2007இல் மீளத் தொடங்கினர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அட்டை பெற்ற ஒருவரிடம் மட்டக்களப்பு முகவரி இருத்தல் கூடும். அவர் நாட வேண்டியது அங்குள்ள உத்தியோகத்தரையன்று, இப்போது வாழும் பிரிவின் உத்தியோகத்தரையே. வாக்காளர் இடாப்பிற் பெயர் இன்னும் பழைய ஊரிலேயே இருப்பின் அவர் தயங்குவது இயல்பு. ஆதலின் அதனையும் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்வது நன்று. பிரதேசத்தின் பெயர் சில பத்திரங்களில் ஈச்சிலம்பற்று என்றும் வேறு சிலவற்றில் வெருகல் என்றும் காணப்படும். விண்ணப்பத்தில் எதனை எழுதுவது என்பதைச் செயலகத்திற் கேட்டு எழுதுவதே தகும்.

பெயரையோ முகவரியையோ திருத்துவதால், இலக்கத்திற் பிறந்த நாளைக் குறிக்கும் பகுதி மாறாது. 1981ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் பிறந்த பெண்ணின் இலக்கத்தில், ஆண்டுக்குப் பின் 570 நிற்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கொண்டு எண்ண அது எழுபதாம் நாள். பெண் என்பதற்கு 500 கூட்டப்படுகின்றது. இம்மூன்று இலக்கங்கள் பிறந்த நாளோடு பொருந்தவில்லையாயின், அது எழுத்துப்பிழையன்று, பிறந்த திகதிப் பிழை. அதனைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும்.

புதிய அட்டை கைக்கு வந்ததும், அங்கேயே நின்று இரு மொழியிலும் வாசித்துப் பார்ப்பதும், சிங்களம் அறியாதோர் அறிந்த ஒருவரைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்வதும் நலம். காணி அனுமதிப்பத்திரத்திற் பழைய எழுத்தே நிற்குமாயின், ‘வல்லியம்மை’யும் ‘வள்ளியம்மை’யும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து அதனோடு சேர்த்து வைப்பர்.