எந்த நொடியில் விலகினார்கள்?

நூறு லைக் வாங்கிய ரத்ததான முகாம் வீடியோ ஒன்று. அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை. அந்த வீடியோ வெற்றியா, தோல்வியா? புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுத்தான் இளைஞர் நற்பணி மன்றத் தலைவர் ஒருவர் தன் பேச்சைத் தொடங்கினார். வெற்றி என்றார்கள் சிலர், தோல்வி என்றார்கள் சிலர். “என்ன நடக்கணும்னு முடிவு பண்ணாமலே எடுத்த வீடியோ தம்பி அது. அதுல எதை வச்சு அளப்பீங்க?” என்றார் அவர்.

மன்றங்களின் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். வீடியோ ஓடவில்லை என்றால் மாலையில் கூடிப் பேசுவார்கள். பாட்டு சரியில்லை என்பார் ஒருவர். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டிருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். தம்ப்நெயிலில் முகம் பெரிதாக இல்லை என்பது மூன்றாமவர் கட்சி. கடைசியில் யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவர் சொன்னபடி அடுத்த வீடியோ தயாராகும். அதுவும் ஓடாது. இதில் யார் சொன்னது சரி என்று பார்க்கும் வசதி யூடியூப் ஸ்டுடியோ செயலியில் காசில்லாமல் கிடைக்கிறது என்பதைத்தான் தலைவர் அன்று விளக்கினார்.

புரிவதற்காக அவர் ஒரு கணக்குச் சொன்னார். முகாமுக்கு அழைக்கும் நான்கு நிமிட வீடியோ. பார்வைகள் 300. இந்த 300 எங்கிருந்து வந்தன என்பதுதான் முதல் கேள்வி. பார்வைகள் வந்த வழியை ஸ்டுடியோ தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். அதில் 240 பார்வைகள் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிய லிங்க் வழியாக வந்தவை, மீதி 60 மட்டுமே யூடியூப் தானாக யாருக்கோ காட்டி வந்தவை என்று வைத்துக்கொள்வோம்.

இது தெரிந்ததுமே தம்ப்நெயில் சண்டை பாதி அடங்கிவிடும். யூடியூப் தன் தளத்தில் தம்ப்நெயிலைக் காட்டும் ஒவ்வொரு முறையையும் இம்ப்ரெஷன் என்று எண்ணுகிறது. எத்தனை முறை காட்டியதற்கு எத்தனை பேர் தொட்டார்கள் என்பதே கிளிக் விகிதம். 1,500 முறை காட்டி 60 பேர் தொட்டால் 4 சதவீதம். பாதிச் சேனல்களுக்கு இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. ஆகவே 4 ஒன்றும் மோசமில்லை. வாட்ஸ்அப்பிலிருந்து வந்த 240 பேரோ இந்தக் கணக்கிலேயே சேரமாட்டார்கள். பெரும்பாலும் அனுப்பியவர் யார் என்று பார்த்துத்தான் லிங்க்கைத் தொட்டிருப்பார்கள்.

“அப்ப வீடியோ ஏன் வேலை செய்யல?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். தலைவர் அடுத்த படத்தைத் திரையில் காட்டினார். அதுதான் ரிடென்ஷன் வரைபடம். வீடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதப் பார்வைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதைக் காட்டும் கோடு. பெரும்பாலான வீடியோக்களில் இந்தக் கோடு தொடக்கத்தில் செங்குத்தாகச் சரியும், பிறகு மெல்ல இறங்கும். முப்பதாவது நொடியில் எவ்வளவு மிச்சம் என்பதை ஸ்டுடியோ தனியாகவே எழுதிக் காட்டும்.

அவர் சொன்ன கணக்கில் முப்பதாவது நொடியில் மிச்சம் 45 சதவீதம். அந்த முப்பது நொடியில் என்ன ஓடியது? மன்றத்தின் லோகோ சுழன்று வந்தது, ஊரை மேலிருந்து காட்டும் ட்ரோன் காட்சி, பிறகு சிறப்பு விருந்தினர்களுக்கு வரவேற்பு. முகாம் எந்தத் தேதி, எந்தப் பள்ளி வளாகம் என்று சொன்னது 2 நிமிடம் 10 நொடியில். அந்த இடத்தில் கோடு 20 சதவீதத்தில் நிற்கிறது. அதாவது 300 பார்வைகளில் 60 மட்டுமே தேதியைக் கேட்டன. மீதி 240 பார்வைகள் அழைப்பு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன.

பாட்டு, நேரம், தம்ப்நெயில் மூன்றுமே குற்றவாளி இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த முகாமுக்கு தேதியும் இடமும் முதல் பத்து நொடிக்குள் வர வேண்டும். லோகோவும் வரவேற்பும் கடைசிக்குப் போகட்டும். மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்பதில் தலைவர் கறாராக இருந்தார். “நாலையும் ஒண்ணா மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?” ட்ரோன் காட்சியை எடுத்த பையனின் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. அவனுக்குப் பதில் சொல்ல அந்தக் கோடு ஒன்றே போதுமாக இருந்தது. ஆளுக்கு ஆள் வாதாடியிருந்தால் மனஸ்தாபத்தில்தான் முடிந்திருக்கும்.

எண்ணை நம்பக் கூடாத இடங்களையும் அவர் மறைக்கவில்லை. சிறிய சேனல்களுக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி என்பது என் எண்ணம். ஒரு தம்ப்நெயிலை 120 முறை காட்டி 6 பேர் தொட்டால் 5 சதவீதம். இன்னொன்றை அதே 120 முறை காட்டி 9 பேர் தொட்டால் ஏழரை சதவீதம். சதவீதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆட்களாக எண்ணினால் மூன்றே பேர். அந்த மூவரும் மன்ற உறுப்பினர்களாகவே இருக்கலாம். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை கொடுத்துச் சோதிக்கும் வசதியை யூடியூப் தருகிறது. அதில்கூட முடிவைத் தீர்மானிப்பது கிளிக் அல்ல, பார்த்த நேரம்தான். அந்தச் சோதனை இரண்டு வாரம் வரை ஓடலாம். பார்வை குறைந்த சேனலுக்கு ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்றே பதில் வரக்கூடும்.

ஷார்ட்ஸ் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் எண்ணுகிறது. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார். பழைய ஷார்ட்ஸின் பார்வையோடு புதியதை ஒப்பிட்டு வளர்ந்துவிட்டோம் என்று போஸ்டர் அடித்துவிடக் கூடாது. நின்று பார்த்தவர்கள் எத்தனை, தள்ளியவர்கள் எத்தனை என்பதை ஸ்டுடியோ தனியே காட்டும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஊகமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வீடியோவை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் எந்த நொடியில் ஆட்கள் விலகுவார்கள் என்று தன் ஊகத்தைத் தாளில் எழுதி வைக்கட்டும், சில நாள் கழித்து வரைபடத்தோடு வைத்துப் பார்க்கட்டும் என்றார். எடுத்தவருக்கும் நடித்தவருக்கும் தங்கள் வீடியோவை முதன்முறை பார்ப்பவரின் கண்ணால் பார்க்க முடியாது. தாளில் எழுதிய நொடிக்கும் கோடு சரிந்த நொடிக்கும் உள்ள தூரம் அதைக் காட்டிவிடும்.

ஆனால் கோட்டுக்கு ஒரு எல்லை உண்டு. ஆள் எங்கே போனார் என்று சொல்லுமே தவிர, ஏன் போனார் என்று சொல்லாது. சலித்துப் போயிருக்கலாம், போன் வந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். அதைவிட முக்கியம், ரத்தம் கொடுக்க வந்தவர் வீடியோ பார்த்துத்தான் வந்தாரா என்பது யூடியூபுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு முகாம் வாசலில் உள்ள பதிவேட்டில் ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு கட்டம் வேண்டும். வீடியோ, போஸ்டர், நண்பர் அழைத்தார் என மூன்று விடைகள் போதும், ஒரு டிக் அடித்தால் முடிந்தது. பத்து பேரில் ஏழு பேர் நண்பர் அழைத்து வந்ததாகச் சொன்னால், அடுத்த முறை எடிட்டிங்குக்குச் செலவழிக்கும் இரவுகளில் ஒன்றைப் போன் செய்வதற்கு ஒதுக்கலாம். அந்தக் கட்டத்தை முகாமுக்கு முன்பே அச்சடித்து வையுங்கள். முகாம் முடிந்த பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி கிடையாது.