உடல் பருமனுக்கான ஆலோசனைக் குறிப்பு: பழி சொல்லாமல் எழுதுவது எப்படி?



உடல் பருமன் தொடர்பாக ஆலோசனைக்குப் போய் வருபவர்களின் கையில் ஒரு தாள் இருக்கும். எடை எவ்வளவு, என்ன பேசப்பட்டது, அடுத்து என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும். இதைத்தான் ஆலோசனைக் குறிப்பு என்கிறோம். மருத்துவருக்காக எழுதப்பட்டாலும் அது வீட்டு அலமாரியில்தான் இருக்கும். கணவர் படிப்பார், மருமகள் படிப்பார், சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதை உரக்க வாசித்துக் காட்டுவான். அதில் ஒரு கடுஞ்சொல் இருந்தால் வீடு முழுக்க அதைக் கேட்கும். அடுத்த தடவை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக அவருக்கு மனம் வராது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கவனிப்பாரற்றுப் போவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு விளக்குகிறோம். இதில் வரும் பெண்மணி குறிப்பிட்ட ஒருவர் அல்லர். ஆனால் இவரைப் போன்றவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

ஒரே பெண்மணி, முதல் குறிப்பு

வயது 44. வீட்டில் தையல் வேலை செய்பவர். மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய கோப்பில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"குண்டான பெண். முழங்கால் வலி என்கிறார். உடற்பயிற்சி கிடையாது. டீயில் சர்க்கரையை விட மறுக்கிறார். சொன்னதைக் கேட்பதில்லை. 20 கிலோ குறைக்கக் கண்டிப்புடன் அறிவுறுத்தப்பட்டது."

இது மனதைப் புண்படுத்துகிறது என்பது படித்த உடனே தெரிகிறது. இன்னொரு குறையும் இதில் உண்டு. இதைப் படிக்கும் அடுத்த மருத்துவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

"குண்டான பெண்" என்பது அவர் தோற்றத்தைப் பற்றிய பேச்சு. எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்ற விவரம் அதில் இல்லை. மூன்று மாதம் கழித்து எடை குறைந்ததா கூடியதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

"வலி என்கிறார்" என்பதில் உள்ள "என்கிறார்" சந்தேகத்தைக் கிளப்பும் சொல். வலி இருப்பதாக அவர் சொல்கிறார், நமக்கு நம்பிக்கையில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. எந்தக் கால், எப்போது வலிக்கிறது, வலியால் எந்த வேலை நின்றுபோனது என்பதெல்லாம் விட்டுப்போகிறது. எடையால்தான் வலி என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், மூட்டை நேரடியாகப் பரிசோதிப்பதும் எக்ஸ்ரே எடுப்பதும் தள்ளிப்போகும். வேறு காரணம் இருந்தால் அது தெரியாமலே போய்விடும்.

"மறுக்கிறார்", "கேட்பதில்லை" என்பவை தீர்ப்புகள். சர்க்கரையை அவர் ஏன் விடவில்லை என்று கேட்டிருந்தால் காரணம் வந்திருக்கும். அந்தக் காரணத்தில்தான் தீர்வும் இருக்கும்.

"20 கிலோ குறைக்க" என்பதை இலக்கு என்று சொல்ல முடியாது. எத்தனை மாதத்தில், எந்த வழியில், யார் சம்மதித்து என்ற விவரம் எதுவும் இல்லாத வெறும் எண் அது. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் முயற்சியே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

அதே பெண்மணி, இரண்டாவது குறிப்பு

இப்போது வேறு விதமாகத் தொடங்குவோம். "லாத்தா, இன்றைக்கு உங்கள் எடையைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா?" என்று ஆலோசகர் முதலில் கேட்கிறார். அவர் சரி என்றால்தான் பேச்சு தொடரும். வேண்டாம் என்றால் "இன்று பேச விரும்பவில்லை, அடுத்த முறை கேட்கலாம்" என்று எழுதினால் போதும். அவர் சரி என்கிறார், பேசுகிறார்கள். அதன் பிறகு எழுதும் குறிப்பு இது:

"வயது 44. உடல் பருமன் உள்ளவர். எடை 78 கிலோ, உயரம் 152 செ.மீ., பி.எம்.ஐ. 33.8, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. எடை பற்றிப் பேசச் சம்மதித்தார்.

அவர் சொன்னது: படி ஏறும்போதும் ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் வலது முழங்காலில் வலி. ஆறு மாதமாக நாற்காலியில் தொழுகிறார். ஒரு நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. தைக்கும்போது களைப்பு வருவதால் குடிக்கிறார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு இரவு 10.30க்குச் சாப்பிடுகிறார். சென்ற வருடம் இரவு உணவை விட்டு 3 கிலோ குறைத்தார், பிறகு எடை திரும்பி வந்தது.

அவர் விரும்புவது: மறுபடியும் தரையில் தொழ வேண்டும்.

பேசி ஒப்புக்கொண்டது: டீ 3 ஆகவும் சர்க்கரை 1 ஸ்பூனாகவும் குறையும். அஸருக்குப் பிறகு மொட்டை மாடியில் 10 நிமிட நடை, வாரத்தில் 5 நாள். இரவு உணவு நேரத்தை மாற்ற இப்போது வழியில்லை என்றார், அடுத்த முறை பேசலாம். ஆறு மாத இலக்கு 4 கிலோ.

மருத்துவர் பார்க்க வேண்டியது: முழங்கால் பரிசோதனை. கிளிமிபிரைடு மாத்திரை எடையைக் கூட்டக்கூடியது, மாற்று மருந்து பொருந்துமா? தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அடுத்த சந்திப்பு 6 வாரத்தில்."

முதல் குறிப்பைவிட இது நீளம்தான். ஆனால் இதிலுள்ள எந்த வரியையும் நீக்க முடியாது.

பி.எம்.ஐ. என்பது எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண். இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை என்றும் 25க்கு மேல் உடல் பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். எண்ணை எழுதிவிட்டால் "ரொம்ப", "மிக மோசம்" போன்ற சொற்களுக்குத் தேவையே இல்லை.

4 கிலோ என்பது அவருடைய எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். முழங்காலுக்கும் அது நல்லது. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. தரையில் தொழ வேண்டும் என்ற அவருடைய சொந்த விருப்பமும் எடை இலக்கும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஆனால் "எடை குறைந்தால் வலி போய்விடும்" என்று குறிப்பில் எழுதக் கூடாது. அப்படி வாக்குறுதி கொடுக்க யாராலும் முடியாது.

மாத்திரை பற்றிய வரி மிக முக்கியமானது. சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவை எடையைக் கூட்டும். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தவும் கூடும். அதனால் உணவைக் குறைக்கும்போது நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும். ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஆறு வாரம் கழித்து

அவர் திரும்பி வருகிறார். எடை 77.4 கிலோ. டீ குறைந்துவிட்டது, நடை நின்றுவிட்டது. பழிச்சொல் மறுபடியும் நுழையும் இடம் இதுதான். "நடைப்பயிற்சியில் தோல்வி. ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவது எளிது. நடந்ததை அப்படியே எழுதினால் இப்படி வரும்:

"டீ 3, சர்க்கரை தலா 1 ஸ்பூன், தொடர்கிறது. நடை முதல் 2 வாரம் நடந்தது. மகள் பிரசவத்துக்கு வந்ததால் மாலை நேரம் கிடைக்கவில்லை. புதிய முடிவு: ஃபஜ்ருக்குப் பிறகு 10 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி, ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினம் இரு வேளை."

என்ன தடுத்தது என்பது தெரிந்ததால் நேரத்தை மாற்ற முடிந்தது. "ஒத்துழைப்பு இல்லை" என்ற சொல் இந்த வழியை அடைத்திருக்கும். டீயில் மட்டும் நாளொன்றுக்கு 10 ஸ்பூன் சர்க்கரை 3 ஆகியிருக்கிறது. எடை பார்க்கும் மெஷினில் அரைக் கிலோவாகத் தெரிவது இந்த மாற்றத்தின் தொடக்கம்தான், அதனால் அதுவும் எழுதப்பட வேண்டும்.

மறைப்பதும் சரியல்ல

பழி சொல்லக் கூடாது என்பதற்காக உண்மையை மூடி மறைப்பதும் தவறு. "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறார்" என்று எழுதினால் அடுத்த மருத்துவர் ஏமாந்துபோவார். "உடல் பருமன்" என்பது நோயின் பெயர், அது குறிப்பில் இருக்கத்தான் வேண்டும். "உடல் பருமன் உள்ளவர்" என்னும்போது அது அவருக்கு இருக்கும் ஒரு நிலையாகிறது. "குண்டானவர்" என்னும்போது அதுவே அவருடைய அடையாளமாகிவிடுகிறது. அதேபோல அவர் ஓர் ஆலோசனையை ஏற்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். "மறுத்தார்" என்பதற்குப் பதில் "இப்போது முடியாது என்றார், காரணம் இது" என்று எழுதலாம்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தக் குறிப்பு வந்தால் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: அளந்த எண்கள், அவரே சொன்ன விருப்பம், அவர் ஒப்புக்கொண்ட சிறிய மாற்றங்கள், அடுத்த சந்திப்பு நாள். இவற்றில் எது இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புண்படுத்தும் சொல் இருந்தால், "இந்த வார்த்தைக்குப் பதிலாக நடந்ததை எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

அந்தத் தாளில் உள்ள சிறிய மாற்றங்களில் பாதி, வீட்டிலுள்ள மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது. மேலே சொன்ன பெண்மணி இரவு 10.30க்குச் சாப்பிடுவது, எல்லோருக்கும் பரிமாறி முடிய அவ்வளவு நேரமாவதால்தான். "இரவு உணவு நேரத்தை மாற்ற வழியில்லை" என்ற அந்த வரியை அவருடைய கணவரும் பிள்ளைகளும் படித்துவிட்டு, இஷாவுக்குப் பின் அவரையும் உட்கார வைத்து ஒன்றாகச் சாப்பிட்டால், அடுத்த குறிப்பில் அந்த வரி இருக்காது.